யாரும் திறக்காத பக்கம்

பவர் பிஐ-யில் ஒரு விற்பனை ரிப்போர்ட், ஆறு பக்கங்கள் என்று வைத்துக்கொள்வோம். எந்தப் பக்கத்தை எத்தனை முறை திறந்தார்கள் என்பதை அதன் பயன்பாட்டு அறிக்கை காட்டும். முதல் பக்கத்தின் எண்ணிக்கையை அப்படியே நம்பக் கூடாது. வழக்கமாக உள்ளே வருகிற எல்லோருக்கும் முதலில் திறப்பது அதுதான். ஐந்தாம் பக்கம் ‘ஆண்டு இலக்கு’. அதற்குப் பார்வையே இல்லை. உடனே அழித்துவிடலாமா? அறிக்கை காட்டுவது கடைசி 30 நாள் கணக்கை மட்டும்தான். மார்ச்சில் மட்டும் தேவைப்படும் பக்கம் ஜூலையில் செத்ததுபோலத்தான் தெரியும்.

ஒரு பக்கத்துக்குள் எந்த வரைபடத்தைப் பார்த்தார்கள் என்பதை அந்த அறிக்கை சொல்லாது. அதற்குப் பயன்படுத்துபவரிடமே கேட்க வேண்டும்: “இதைப் பார்த்து கடைசியாக என்ன முடிவு எடுத்தீர்கள்?” பதில் வராத வரைபடத்தை முதலில் மறைத்து வையுங்கள். ஒரு காலாண்டு முடிந்தும் யாரும் தேடவில்லையென்றால் நீக்கலாம்.