சாக்கு இல்லாமல் அவகாசம்: பிரெஞ்சில் கேட்கும் முறை

பிரான்சில் ஒரு பல்கலைக்கழக மாணவி. மார்ச் 14, வெள்ளிக்கிழமைக்குள் கட்டுரையைக் கொடுத்தாக வேண்டும். காய்ச்சலில் நான்கு நாட்கள் போய்விட்டன. பேராசிரியைக்கு மின்னஞ்சல் எழுத உட்கார்ந்ததும் முதலில் கைக்கு வருவது, 'ஜ நே பா பூ...', அதாவது 'என்னால் முடியவில்லை'. அடுத்தது 'ஜேத்தே மலாத்', 'உடம்பு சரியில்லாமல் இருந்தேன்'. இலக்கணம் சரிதான். ஆனால் இரண்டுமே இறந்தகாலம். வாக்கியங்கள் நடந்ததையே சொல்லிக்கொண்டிருந்தால், காரணம் உண்மையாக இருந்தாலும் படிப்பவர் காதில் சாக்காகவே விழும்.

பிரெஞ்சில் இதற்கு வழி வினைச்சொல்லில் இருக்கிறது. கோரிக்கையை 'கொந்திஸியொனேல்' என்னும் நிபந்தனை வடிவில் வைக்க வேண்டும்: 'ஸெரெத்தில் பொஸீப்ல் த வூ ரமெத்ர் ல தொஸ்யே மார்தி 18 மார்ஸ்?' 'கட்டுரையை 18ஆம் தேதி செவ்வாயன்று தங்களிடம் கொடுக்க இயலுமா?' என்று பொருள். 'ஜ வ', அதாவது 'எனக்கு வேண்டும்', என்று தொடங்கினால் அதட்டலாக ஒலிக்கும். 'சில நாட்கள்' என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பதும் கூடாது. தேதி இருந்தால்தான் அவரால் சரி என்றோ முடியாது என்றோ சொல்ல முடியும்.

காரணத்துக்கு ஒரு வாக்கியத்தில் பாதி போதும். 'ஆ கோஸ் த' என்றால் பழியை எதன் மீதோ போடுகிற தொனி வந்துவிடும். 'ஆன் ரெஸோன் துய்ன் க்ரீப்' என்றால் 'ஃபுளூ காய்ச்சல் காரணமாக' என்ற அலுவலகத் தொனி. மருத்துவச் சான்றை இணைத்துவிட்டால் நோயை விவரிக்கத் தேவையே இல்லை.

அந்த மாணவியின் கடிதம் இப்படி அமையலாம். 'மதாம்' என்று விளித்து, முதல் வரியில் எந்தக் கட்டுரை, எந்தத் தேதி என்று சொல்கிறாள். இரண்டு பகுதிகள் முடிந்துவிட்டன, காய்ச்சல் காரணமாக மூன்றாவது பாக்கி என்பது அடுத்த வரி. பிறகு மேலே சொன்ன கேள்வி. கடைசியில், முடிந்த இரண்டு பகுதிகளையும் வெள்ளிக்கிழமையே அனுப்பத் தயார் என்கிறாள். முடிந்த வேலை கண்ணுக்குத் தெரியும்போது சாக்கு என்ற சந்தேகத்துக்கு இடம் குறைகிறது.

முடிக்கும்போதும் ஒரு கண்ணி உண்டு. 'தங்கள் புரிதலுக்கு நன்றி' என்ற பொருளில் 'ஜ வூ ரமெர்ஸி த வோத்ர் கொம்ப்ரெயான்ஸியோன்' என்று எழுதினால், அவர் ஒப்புக்கொண்டதாக நாமே முடிவு கட்டியது போலாகலாம். 'கொர்தியால்மான்' என்று கையெழுத்திட்டால் போதும்.

இவ்வளவும் கெடு முடிவதற்கு முன்பு கேட்பவர்களுக்கு. தேதி தாண்டிவிட்டால் கேள்விக்கு இடமில்லை. 'ஜ வூ ப்ரி த மெக்ஸ்கூஸே பூர் ஸ ரத்தார்' என்று தாமதத்துக்கு ஒரே வரியில் மன்னிப்புக் கேட்டு, கட்டுரையை அதே மின்னஞ்சலில் இணைத்துவிட வேண்டும்.