கொழுகொழு குழந்தைக்கு ஏன் குதிகாலில் ஊசி?

நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு பிள்ளை பிறந்தால் நம் வீடுகளில் கொண்டாட்டம்தான். "நல்ல புஷ்டியா பொறந்திருக்கான்" என்று பாட்டி பூரித்துப்போவார். அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் தாதி வந்து அந்தப் பிள்ளையின் குதிகாலில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வருவார். மறுநாள் வரை இது தொடரும். "பிள்ளை நல்லாத்தானே இருக்கு, எதுக்கு இப்படிக் குத்திக்கிட்டே இருக்காங்க?" என்று கேட்காத குடும்பம் குறைவு. அம்மாவுக்கு இனிப்பு நீர் இருந்திருந்தால், நல்லாத்தான் இருக்கும் அந்தப் பிள்ளையைக் குத்திப் பார்த்தே ஆகவேண்டும்.

செரண்டா, பத்தாங்காலி, கோலகுபுபாரு வட்டாரத்துத் தோட்டங்களிலும் தோட்டத்தை விட்டுக் குடியேறிய தாமான்களிலும் இனிப்பு நீர் இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு, எல்லா இனத்தையும்விட அதிகம். கர்ப்பத்தில் மட்டும் வந்துபோகும் இனிப்பு நீரும் உண்டு. கிளினிக்கில் வெறும் வயிற்றில் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்கவைத்துச் சோதிப்பார்கள். வெறும் வயிற்றில் 5.1, குடித்து 2 மணி நேரம் கழித்து 7.8, இந்த இரண்டில் ஒன்றைத் தொட்டாலும் அது கர்ப்பகால நீரிழிவு. (தமிழ்நாட்டுச் சொந்தங்களோடு பேசும்போது எண்கள் குழப்பும். நம்முடைய எண்ணை 18ஆல் பெருக்கினால் அவர்களுடைய எண் வந்துவிடும்.)

அம்மாவுக்குச் சீனி அதிகம். பிறகு பிள்ளைக்கு எப்படிச் சீனி குறையும்? கேட்டால் முரணாகத்தான் இருக்கும்.

தாயின் ரத்தத்தில் உள்ள குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகும். இன்சுலின் போகாது. அதனால் வந்து குவியும் சீனியைச் சமாளிக்கப் பிள்ளையின் கணையமே கூடுதலாக இன்சுலின் சுரக்கத் தொடங்குகிறது. இந்த இன்சுலின்தான் பிள்ளையைக் கொழுக்கவைக்கிறது. டென்மார்க்கின் மருத்துவர் யோர்கன் பெடர்சன் 1950களில் முன்வைத்த இந்த விளக்கம் இன்றும் நிற்கிறது. தொப்புள்கொடியை வெட்டிய அந்த நொடியில் தாயிடமிருந்து வந்த சீனி நின்றுவிடும். பிள்ளையின் கணையத்துக்கோ அது தெரியாது. பழகிய வேகத்திலேயே இன்சுலினைச் சுரந்துகொண்டிருக்கும், ரத்தச் சீனி சரியும்.

எந்தப் பிள்ளைக்கும் பிறந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் சீனி கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். சாதாரணப் பிள்ளையின் உடம்பு ஈரலில் சேர்த்துவைத்த மாவுச்சத்தை உடைத்து ஈடுகட்டும். கொழுப்பைக் கரைத்துக் கீட்டோன் என்ற மாற்று எரிபொருளையும் மூளைக்கு அனுப்பும். இன்சுலின் மிகுந்த பிள்ளையிடம் இந்த இரண்டு வழியும் அடைபட்டுக் கிடக்கும், ஏனென்றால் ஈரலையும் கொழுப்பையும் பூட்டிவைப்பதே இன்சுலினின் வேலை. சீனியும் இல்லை, மாற்றும் இல்லை என்ற நிலையில் பாதிக்கப்படுவது மூளை. உடம்பில் இவ்வளவு கொழுப்பு இருந்தும் அது அவசரத்துக்கு உதவாது. எடையை வைத்து ஆரோக்கியத்தை அளக்கும் நம் பழக்கம் இங்கே தவறிப்போகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. சீனி குறைந்த பிள்ளைகளில் பலரிடம் வெளியே ஒன்றுமே தெரியாது. தெரிந்தால் கை கால் நடுக்கம், கீச்சென்ற அழுகை, பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, உடம்பு சில்லிட்டுப்போவது, மூச்சு விட்டுவிட்டு வருவது, கடைசியில் வலிப்பு. நடுங்கும் கையை மெல்லப் பிடித்தால் நடுக்கம் நின்றுவிடும், வலிப்பு நிற்காது. ஆனால் அடையாளம் தெரியும்வரை காத்திருந்தால் தாமதமாகிவிடும். அதனால்தான் எதுவும் தெரியாதபோதே ஊசி.

மலேசிய மருத்துவமனைகளில் 2.6க்குக் கீழே போனால் குறைவு என்று கொள்கிறார்கள். 1988இல் பிரிட்டனில் குறைமாதக் குழந்தைகளை வைத்து வந்த ஓர் ஆய்வுக்குப் பிறகு பரவிய எண் இது. அதற்குக் கீழே மூளை கெடும், மேலே கெடாது என்று இயற்கை கிழித்த கோடு அல்ல. கவனிக்கத் தொடங்கவேண்டிய கோடு. நியூசிலாந்தின் வைக்காத்தோவில் சீனி குறையும் ஆபத்தோடு பிறந்த குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். கண்டுபிடித்துச் சிகிச்சை கொடுத்த பிள்ளைகள் 9, 10 வயதில் மற்றப் பிள்ளைகளைப் போலவே படித்தார்கள் என்று 2022இல் வெளியிட்டார்கள். ஒரு தடவை 2.3 வந்துவிட்டது என்று தாய் உடைந்துபோக வேண்டியதில்லை. மிகக் குறைந்து, நீண்ட நேரம் நீடித்து, வலிப்பு வரை போவதுதான் ஆபத்து.

நடைமுறையில் எப்படி இருக்கும்? ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 38 வாரத்தில் 3.9 கிலோவில் காலை 6 மணிக்கு ஒரு பிள்ளை பிறக்கிறது. துடைத்து, தொப்பி மாட்டி, அம்மாவின் நெஞ்சில் தோலோடு தோலாகப் படுக்கவைக்கிறார்கள். குளிர்ந்துபோகும் பிள்ளை சூட்டுக்காகவே சீனியை எரித்துவிடும். அதனால் முதல் குளியலையும் தள்ளிப்போடுகிறார்கள். அரை மணி நேரத்துக்குள் மார்பில் வாய்வைத்துச் சீம்பால் குடிக்கிறது. 7 மணிக்கு முதல் சோதனை: 2.1. பிள்ளையிடம் நடுக்கமோ சோர்வோ இல்லை. உடனே மறுபடி பால் கொடுக்கிறார்கள், போதவில்லையென்றால் பிழிந்த பாலோ பால்மாவோ சேர்த்து. 8 மணிக்கு 2.9. 10 மணிக்கு 3.2. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் பால் கொடுப்பதற்கு முன்பு சோதிக்கிறார்கள். குடித்தவுடன் பார்த்தால் எண் ஏறியிருக்கும், உண்மை தெரியாது. 2, 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுப்பிப் பால் கொடுக்க வேண்டும். இந்தப் பிள்ளையைத் தூங்கட்டும் என்று விடக்கூடாது.

அதே பிள்ளைக்கு 7 மணிக்கு 1.3 வந்திருந்தால், அல்லது நடுங்கியிருந்தால், பாலை நம்பிக் காத்திருக்க மாட்டார்கள். நரம்பு வழியே 10 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸ் ஏறும்: கிலோவுக்கு 2 மில்லி வீதம் சுமார் 8 மில்லி முதலில், பிறகு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 60 மில்லி வீதம், மணிக்கு 10 மில்லிக்குச் சற்றுக் குறைவாகச் சொட்டும். எடுத்த எடுப்பில் அதிகம் கொடுத்தால் கணையம் மறுபடி இன்சுலினைக் கொட்டி, சீனி திரும்பவும் சரியும். டிரிப்பைச் சட்டென்று நிறுத்தினாலும் அதே கதி. பால் ஏற ஏற டிரிப்பைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். விரல்சோதனைக் கருவி மிகக் குறைந்த எண்களில் துல்லியமாகக் காட்டாது. அதனால் ரத்தத்தை ஆய்வுக்கூடத்துக்கும் அனுப்புவார்கள், ஆனால் முடிவு வரும்வரை சிகிச்சையை நிறுத்திவைக்க மாட்டார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி வந்திருக்கிறது. 40 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸ் ஜெல்லைக் கிலோவுக்கு அரை மில்லி அளந்து, பிள்ளையின் கன்னத்தின் உட்புறத்தில் தடவித் தேய்த்து, உடனே பால் கொடுப்பது. இதுவும் வைக்காத்தோவில் சோதித்து 2013இல் வெளியானது. ஜெல் இல்லாத பிள்ளைகளில் 100க்கு 24 பேருக்குச் சீனி சரியாகவில்லை. ஜெல் கொடுத்தவர்களில் அது 14 ஆகக் குறைந்தது. எல்லா மருத்துவமனையிலும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம், கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இதைப் படித்ததும், "நாங்க அப்பவே சேனை வெச்சோமே, சீனித் தண்ணி கொடுத்தோமே" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக்கூடும். பாட்டிகள் சொன்னதெல்லாம் வீண் என்று நான் சொல்பவனல்ல, ஆனால் இதில் ஒத்துப்போக முடியாது. சீனித் தண்ணீரில் கொழுப்பும் புரதமும் இல்லை. சட்டென ஏற்றி இன்சுலினைத் தூண்டிவிட்டு, சட்டென இறங்கிவிடும். அதைக் குடித்த சிறு வயிற்றில் சீம்பாலுக்கு இடமும் இருக்காது. ஜெல்லை அளந்து கொடுத்து, பாலைத் தொடர்ந்து, மறுபடி சோதிக்கிறார்கள். சங்கில் ஊற்றும் தண்ணீருக்கு இந்த மூன்றும் கிடையாது. சேனைக்குத் தேன் வைப்பது இதைவிட மோசம், ஒரு வயது வரை தேனே கூடாது.

தடுப்பதற்கான பெரும்பகுதி வேலை பிரசவத்துக்கு முன்பே நடக்கிறது. சாப்பாட்டுக்கு முன் 5.3, சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து 6.7, இதைத் தாண்டாமல் அம்மாவின் சீனி நின்றால் பிள்ளையின் கணையம் அவ்வளவு ஓடவேண்டியிருக்காது. உணவில் அடங்காதபோது இன்சுலின் போடச் சொல்வார்கள். "ஊசி பிள்ளைக்குப் போயிடும்" என்ற பயத்தில் அதை மறைத்துவைத்துவிட்டுப் போட்டதாகச் சொல்லும் தாய்மார்கள் உண்டு. மேலே சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள்: நஞ்சுக்கொடியைத் தாண்டுவது சீனி, இன்சுலின் அல்ல. பிள்ளையைப் போய்ச் சேர்வது போடாமல் விட்ட ஊசியின் விளைவுதான்.

ஒன்பது மாதம் கட்டுப்பாடாக இருந்தவருக்கும் கடைசி நாளில் கெட்டுவிடலாம். வலி எடுத்ததும் தெம்புக்கென்று இனிப்புப் பானமும் கெட்டியான மிலோவும் கொடுப்பது நம் வழக்கம். பிரசவ நேரத்தில் ஏறும் சீனி நேராகப் பிள்ளையின் இன்சுலினை ஏற்றிவிடும். அந்த மணி நேரங்களில் தாயின் சீனியை 4க்கும் 7க்கும் இடையே வைத்திருக்கத்தான் லேபர் அறையில் அடிக்கடி சோதிக்கிறார்கள். கையில் பிளாஸ்க்கோடு போகும் சொந்தக்காரர்கள் தாதியைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

முதல் குழந்தைக்குப் பால் சுரக்கத் தாமதமானவர்களுக்கு இன்னொரு யோசனை இருக்கிறது. 36 வாரத்திலிருந்து நாளைக்கு இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் 10 நிமிடத்துக்கு மேற்போகாமல், கையால் சீம்பாலைப் பிழிந்து சிறு சிரிஞ்சில் எடுத்து உறையவைத்து, ஐஸ் பெட்டியில் மருத்துவமனைக்குக் கொண்டுபோவது. ஆஸ்திரேலியாவில் 600க்கும் மேற்பட்ட நீரிழிவுத் தாய்மார்களிடம் சோதித்து 2017இல் வெளியிட்டார்கள். வேறு சிக்கல் இல்லாத தாய்மார்களின் பிள்ளைகளுக்கு இதனால் கெடுதல் வரவில்லை. குறைமாத வலி வந்தவர்களும் ரத்தக்கசிவு உள்ளவர்களும் இதைச் செய்யக்கூடாது, மற்றவர்களும் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். கிடைப்பது சில மில்லிதான், ஆனால் முதல் நாளில் ஒரு வேளைக்குப் பிள்ளை குடிப்பதும் அவ்வளவுதான்.

இந்தச் சரிவு பெரும்பாலும் முதல் 12 மணி நேரத்துக்குள் தலைகாட்டி, இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். 72 மணி நேரம் தாண்டியும் எண் ஏறவில்லை என்றால் அம்மாவின் இனிப்பு நீர் மட்டும் காரணமாக இல்லாமல் இருக்கலாம், வேறு காரணமும் தேடுவார்கள். "போதும், வீட்டுக்குப் போகலாம்" என்று அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டு வருவது முதல் நாளில் கூடாது. வீட்டுக்கு வந்தபின் பிள்ளை இரண்டு வேளை தொடர்ந்து பால் மறுத்தாலோ, எழுப்பியும் எழவில்லை என்றாலோ, கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காமல் பிங்க் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும்.

பிள்ளையின் குதிகால் ஆறிய பிறகு அடுத்த முறை தாய்க்கு. பிரசவம் ஆகி 6 வாரம் கழித்து அதே 75 கிராம் சோதனை மறுபடி உண்டு, பிள்ளைக்குத் தடுப்பூசி போட வரும் தாய்மார்கள் தவறவிடுவது இதைத்தான். அடுத்த கர்ப்பம் தரித்தால், 24 வாரம் வரை காத்திருக்காமல், முதல் பதிவின்போதே சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம்.