பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு ஒரு வாட்ஸ்அப் பட்டியல்

"அண்ணாச்சி, வணக்கம். வெள்ளிக்கிழமை தட்டு காங்கிரீட். சிமெண்ட் 18 மூட்டை, எம்சாண்ட் அரை யூனிட், முக்கால் ஜல்லி முக்கால் யூனிட், கம்பி பத்து எம்எம் 10, எட்டு எம்எம் 10, கட்டுக்கம்பி 2 கிலோ. கம்பி மட்டும் புதன்கிழமையே வேணும்."

திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு கொத்தனார் கட்டுமானப் பொருள் கடைக்கு அனுப்பும் செய்தி இப்படித்தான் இருக்கும். பழைய வீட்டின் பின்பக்கம் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை. சுவர் எழும்பிவிட்டது, மேலே தட்டு போட வேண்டும். காசு கொடுக்கப்போகிற வீட்டுக்காரருக்கு இந்த எண்களெல்லாம் கொத்தனாரின் கைக்கணக்காகத் தெரியும். ஆனால் அவை எல்லாமே ஒரே ஓர் எண்ணிலிருந்து பிறந்தவை. அந்த எண்ணைப் பிடித்துவிட்டால் மீதியை யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம்.

சுவர்மேல் உட்காரும் பகுதியையும் சேர்த்தால் தட்டின் அளவு 12 அடிக்கு 14 அடி, அதாவது 168 சதுர அடி. கனம் 5 அங்குலம். பெருக்கினால் 70 கன அடி காங்கிரீட். இதுதான் அந்த எண்.

இனி கலவை. கம்பி போட்ட காங்கிரீட் குறைந்தது எம்20 தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி ஐஎஸ் 456. சிறிய வேலைகளில் அதற்குப் பழகிய விகிதம், ஒரு பங்கு சிமெண்டுக்கு ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி. 50 கிலோ மூட்டை ஒன்றின் கொள்ளளவு ஒன்றே கால் கன அடி. இந்த விகிதத்தில் ஒரு மூட்டைக்கு ஏறக்குறைய 4.4 கன அடி காங்கிரீட் கிடைக்கும். எழுபதுக்கு 16 மூட்டை. அதற்கு மணல் 30 கன அடி, ஜல்லி 60 கன அடி. சிமெண்டையும் சேர்த்துக் கூட்டினால் 110 கன அடி வருகிறதே, தட்டு எழுபதுதானே என்று கேட்கத் தோன்றும். ஜல்லிக்கு நடுவே உள்ள சந்துகளில் மணல் போய் உட்காருகிறது, மணலின் சந்துகளில் சிமெண்ட் பால் இறங்குகிறது. காற்று நின்ற இடமெல்லாம் அடைபட்டு, நூற்றுப் பத்து எழுபதாகச் சுருங்குகிறது.

சிமெண்டில் கூடுதலாகக் கேட்ட இரண்டு மூட்டை சேதாரத்துக்கும் ஒட்டுவேலைக்கும். ஜல்லியில் 60க்கு 75 கேட்டதும் அதே காரணம்தான். தரையில் கொட்டிய ஜல்லியின் அடிப்பகுதி மண்ணோடு போய்விடும். ஆனால் மணல் 30 போதும் என்கிற இடத்தில் அரை யூனிட், அதாவது 50 கன அடி எழுதியிருக்கிறார். அது பேராசை இல்லை. காரணம் ஈரம்.

ஈர மணல் உப்பும். ஒவ்வொரு மணியையும் சுற்றி மெல்லிய நீர்ப்படலம் ஒட்டிக்கொண்டு பக்கத்து மணியைத் தள்ளி நிறுத்துகிறது. நாலைந்து சதவீத ஈரத்திலேயே பொடி மணல் கால் பங்கு வரை கூடித் தெரியும். ஆற்று மணல் போலவே எம்சாண்டும் உப்பும். இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். நேரான பக்கங்கள் கொண்ட கண்ணாடிக் குவளையில் லோடிலிருந்து எடுத்த மணலை அழுத்தாமல் போட்டு, உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மணல் முழுக்க மூழ்கும்படி தண்ணீர் ஊற்றிக் கிளறி, படிய விடுங்கள். பத்து சென்டிமீட்டர் இருந்தது எட்டுக்கு இறங்கினால், எட்டுப் பங்கு மணல் பத்துப் பங்காக உப்பி வந்திருக்கிறது என்று அர்த்தம். ஐம்பது கன அடி என்று வாங்கியது உண்மையில் நாற்பதுதான்.

வாங்கும்போது மட்டும் இது தொல்லை இல்லை. கலக்கும்போது அதே பெட்டி அளவில் ஈர மணலைப் போட்டால் மணல் குறைந்து, கலவை சொரசொரப்பாகி, ஜல்லி தனியாக நிற்கும். கால் பங்கு உப்பலுக்குக் கால் பங்கு மணல் கூட்ட வேண்டும். அந்த மணல் தன்னோடு தண்ணீரையும் கொண்டுவருகிறது. மூட்டைக்கு நாலைந்து லிட்டர் வரை வரும். இந்தக் கலவைக்கு மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது என்பது விதி. அதற்குள் மணலின் தண்ணீரும் அடக்கம். தளத்தில் பெரும்பாலும் தவறிப்போவது இந்தக் கழிப்புதான்.

லோடு இறங்கும் முன் அளப்பது சுலபம். டிராக்டர் டிரெய்லரின் உட்பக்கம் 10 அடி நீளம், 6 அடி அகலம் என்றால், அரை யூனிட்டுக்கு மணல் 10 அங்குல உயரம் நிற்க வேண்டும், முக்கால் யூனிட் ஜல்லி 15 அங்குலம். நடுவில் குவித்து ஓரத்தில் குறைத்திருப்பார்கள். ஆகவே ஒரு கம்பியை ஐந்தாறு இடத்தில் குத்திப் பார்த்துச் சராசரி எடுப்பதுதான் நியாயமான அளவு.

கம்பிக்கு வருவோம். எத்தனை எம்எம், எவ்வளவு இடைவெளி என்பதைப் பொறியாளர் சொல்ல வேண்டும். கடைக்காரரோ கொத்தனாரோ ஊகிக்கும் விஷயம் அல்ல. இந்தத் தட்டுக்குக் குறுக்குவாட்டில் பத்து எம்எம் ஆறு அங்குலத்துக்கு ஒன்று, நீளவாட்டில் எட்டு எம்எம் எட்டு அங்குலத்துக்கு ஒன்று என்று வரைபடத்தில் இருப்பதாகக் கொள்வோம். குறுக்கே 29 கம்பி வேண்டும். கடையில் வருவது 12 மீட்டர் நீளம், அதை மூன்றாக வெட்டினால் ஒவ்வொன்றும் 13 அடிக்குக் கிட்ட வரும். பத்து நீளம் போதும். நீளவாட்டில் 14 அடியில் 19 கம்பி. ஒரு நீளத்துக்கு இரண்டுதான் தேறும், ஆக அதுவும் பத்து. ஒவ்வொன்றிலும் 11 அடிக்கு மேல் துண்டு மிஞ்சும். நல்ல கொத்தனார் அதைப் பழைய இரும்புக்குப் போட மாட்டார். மூன்றடித் துண்டுகளாக்கிச் சுவரோரம் தட்டின் மேல்பக்கம் வைக்க வேண்டிய எக்ஸ்ட்ரா கம்பிக்கு அதைத்தான் எடுப்பார்.

கம்பியில் ஏமாற்று நடப்பது எடையில். விட்டத்தை அதனாலேயே பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வந்துவிடும். பத்து எம்எம் என்றால் 100ஐ 162ஆல் வகுக்க, 617 கிராம். மேலே கேட்ட பத்து நீளம் 74 கிலோ இருக்க வேண்டும். பத்து எம்எம் வரையிலான கம்பிக்கு மொத்த லோடில் 7 சதவீதம் வரை கூடக் குறைய இருக்கலாம் என்று விதி அனுமதிக்கிறது. 69 கிலோவுக்கும் கீழே போனால் பத்து என்ற பெயரில் மெலிந்த கம்பி வந்திருக்கிறது. எடை போட்டு விலை வாங்கினால் பணம் போகாது, ஆனால் தட்டுக்குச் சேர வேண்டிய இரும்பு போய்விடும். எண்ணிக்கைக்கு விலை பேசினால் இரண்டும் போகும்.

செய்தியில் ஒரு குறை உண்டு. எந்த சிமெண்ட் என்று எழுதவில்லை. ஓபிசி வந்தால் குறைந்தது ஏழு நாள் நீராற்ற வேண்டும், சாம்பல் கலந்த பிபிசி வந்தால் பத்து நாள். பிபிசி மெதுவாக வலுவேறும் என்பதால் சென்ட்ரிங்கையும் அவசரப்பட்டுப் பிரிக்க முடியாது. கம்பியின் தரமும் விடுபட்டிருக்கிறது. எஃப்இ 500டி என்று ஒரு சொல் சேர்த்திருக்கலாம். மூட்டையில் அச்சிட்ட வாரமும் ஆண்டும் பார்த்து அனுப்பச் சொல்வதும் அவசியம். மூன்று மாதம் கடந்த சிமெண்டின் வலு கணிசமாக இறங்கியிருக்கும். விரலால் நசுக்கினால் உடையாத கட்டி உள்ளே இருந்தால் அந்த மூட்டையைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

கம்பியைப் புதன்கிழமையே கேட்டதற்குக் காரணம், வளைத்துக் கட்ட இரண்டு நாள் ஆகும், அதைப் பொறியாளர் வந்து பார்க்கவும் வேண்டும். மணலும் ஜல்லியும் வியாழன் காலை இறங்கினால் அளக்கவும் ஈரம் பார்க்கவும் நேரம் இருக்கும். சிமெண்ட் வியாழன் மாலை வந்தால் போதும். பலகைமேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடிவிடலாம்.