அந்தப் பதினான்கு மாதம் என்ன செய்தீர்கள்?

ஜெர்மனியில் வேலைக்கு அனுப்பும் தன்விவரக் குறிப்பை ‘லேபென்ஸ்லவுஃப்’ என்பார்கள். ஒவ்வொரு வேலைக்கும் எந்த மாதம் சேர்ந்தோம், எந்த மாதம் விலகினோம் என்று அதில் எழுதுவது வழக்கம். அதனால் நடுவில் விட்டுப்போன மாதங்கள் படிப்பவர் கண்ணில் உடனே படும். சில மாதங்களுக்கு மேல் இடைவெளி இருந்தால் நேர்காணலில் அதைப் பற்றி நிச்சயம் கேட்பார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து ஒரு ஜெர்மன் மருத்துவமனைக்கு விண்ணப்பிக்கும் செவிலியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பக்கவாதம் வந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ள 2021 மார்ச் முதல் 2022 ஏப்ரல் வரை அவர் வேலைக்குப் போகவில்லை. நம்மில் பலர் இதைச் சொல்லும்போது தயங்கி, மன்னிப்புக் கேட்கிற குரலில் வீட்டுக் கதை முழுவதையும் சொல்லத் தொடங்கிவிடுவோம். அங்கே இரண்டு வாக்கியம் போதும்:

“ஃபோன் மெர்ட்ஸ் 2021 பிஸ் ஏப்ரில் 2022 ஹாபெ இக் மைனெ முட்டர் கெஃப்ளேக்ட். ஸைட் மை 2022 ஆர்பைடெ இக் வீடர் அவுஃப் டெர் இன்டென்ஸிவ்ஷ்டாட்சியோன்.”

முதல் வாக்கியம் அம்மாவைக் கவனித்துக்கொண்டதையும், இரண்டாவது மே மாதத்திலிருந்து மறுபடி தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்வதையும் சொல்கிறது. காலத்தை முன்னால் வைத்தால் அடுத்து ‘ஹாபெ’ வரவேண்டும், ‘இக்’ அதற்குப் பிறகுதான். பதற்றத்தில் பலர் தடுமாறும் இடம் இது. ‘வைல்’ போட்டுக் காரணம் சொன்னால் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும். அதை நினைவில் வைத்துக்கொண்டே பேசுவதைவிட இரண்டு சிறு வாக்கியங்களாகப் பிரித்துச் சொல்வது எளிது.

நோயால் விடுப்பில் இருந்தவர் நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. உடல்நலக் காரணம், இப்போது முழுமையாக வேலை செய்ய முடிகிறது என்றால் போதும். கர்ப்பம் பற்றிக் கேட்பதற்கே ஜெர்மன் சட்டத்தில் இடமில்லை. ஆனால் இடைவெளியை மறைக்க இல்லாத வேலையை எழுதிச் சேர்ந்தால், ஏமாற்றிப் பெற்ற ஒப்பந்தம் என்று பின்னாளில் அதை ரத்து செய்ய முடியும்.

பலவீனத்தைக் கேட்டால் ‘எல்லாம் கச்சிதமாக இருக்கவேண்டும் என்று நினைப்பேன்’ என்பது அலுத்துப்போன பதில். அதைச் சொல்பவரிடம் உடனே ஓர் உதாரணம் கேட்பார்கள், மனப்பாடம் அங்கே நின்றுவிடும். இதே செவிலியர் தன் வேலையிலிருந்தே ஒன்றைச் சொல்லலாம்: “ஃப்ரூயர் ஹாபெ இக் ட்ஸு ஸெல்டென் நாக்கெஃப்ராக்ட். யெட்ஸ்ட் வீடர்ஹோலெ இக் யேடென் வேர்ட் லவுட்.” முன்பு மறுபடி கேட்கத் தயங்கினேன், இப்போது ஒவ்வொரு அளவையும் உரக்கத் திருப்பிச் சொல்கிறேன் என்று பொருள். மருந்தின் அளவைத் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளும் வேலையில் இது நிஜமான குறை, திருத்தமும் நிஜம். அதற்காக வேலைக்கு அடிப்படையான ஒன்றையே பலவீனமாகச் சொல்லிவிடக் கூடாது. இரவுப்பணி ஒத்துவராது என்பவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் யார் எடுப்பார்கள்?

பலத்துக்கும் இதே வழிதான். ‘பொறுமைசாலி’ என்று நிறுத்தாமல், ஒரே இரவில் இரண்டு நோயாளிகளுக்கு நிலைமை மோசமானபோது யாரை முதலில் பார்த்தார், மருத்துவரை எப்போது அழைத்தார் என்று சொன்னால், அடுத்த கேள்வி அந்த இரவைப் பற்றியே வரும். நடந்ததைச் சொல்ல அவருக்குத் தெரிந்த ஜெர்மன் போதும்.