‘குழாய் வெட்டுப்படலாம்’ என்றே எழுதுங்கள்

பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் செய்துகொள்பவர் கையெழுத்திடும் தமிழ்ப் படிவத்தில் இதுபோன்ற ஒரு வாக்கியம் இருக்கும்: ‘இச்சிகிச்சையின்போது இரத்தப்போக்கு, நோய்த்தொற்று, பித்தநாளக் காயம், திறந்த அறுவை சிகிச்சையாக மாற்றப்படுதல் மற்றும் மிக அரிதாக உயிருக்கு ஆபத்து உள்ளிட்ட சிக்கல்கள் ஏற்படலாம் என்பது எனக்கு விளக்கப்பட்டது.’ ஆங்கிலப் படிவத்தோடு ஒப்பிட்டால் ஒரு சொல்கூட விடுபட்டிருக்காது. ஆனால் படித்து முடித்தவரிடம் ‘என்னென்ன நடக்கலாம்?’ என்று கேட்டால், ‘ஏதோ சின்னச் சின்னத் தொந்தரவு வருமாம்’ என்பதற்கு மேல் பதில் வருவது கடினம்.

முதல் குழப்பம் ஆபரேஷனின் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. வயிற்றில் மூன்று நான்கு சிறு துளைகள் போட்டு, கேமரா வைத்துச் செய்யும் லேப்ராஸ்கோப்பியை ‘லேசர்’ என்று நினைத்துக்கொள்பவர்கள் நம்மிடையே நிறைய. கல்லை மட்டும் கரைத்தோ உடைத்தோ எடுத்துவிடுவார்கள் என்பது அவர்கள் எண்ணம். உண்மையில் பித்தப்பையையே முழுதாக வெட்டி எடுத்துவிடுகிறார்கள். ஆகவே படிவத்தின் முதல் வரி இப்படித்தான் இருக்க வேண்டும்: ‘கல்லை மட்டும் எடுப்பதில்லை. கல் இருக்கும் பித்தப்பையையே வெட்டி எடுத்துவிடுவோம். அது திரும்ப வளராது.’

அடுத்தது ‘பித்தநாளக் காயம்’. காயம் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது தோலில் பட்டு, மருந்து போட்டால் ஆறிவிடுவது. இங்கே நடப்பது வேறு. பித்தப்பையிலிருந்து ஒரு சிறு குழாய் கிளம்பி, கல்லீரலிலிருந்து குடலுக்குப் போகும் பெரிய குழாயில் சேர்கிறது. ஆபரேஷனில் வெட்ட வேண்டியது சிறு குழாயை. அழற்சியால் அந்த இடம் வீங்கி ஒட்டிப்போயிருந்தால் எது எந்தக் குழாய் என்று பிரித்தறிவது கடினம். அப்போது பெரிய குழாயைச் சிறு குழாய் என்று எண்ணி வெட்டிவிட நேர்கிறது. அனுபவம் மிகுந்த கைகளுக்கும் இது நேர்ந்திருக்கிறது. இதைப் படிவத்தில் இப்படி எழுதலாம்:

‘பித்தப்பையை எடுக்கும்போது, கல்லீரலிலிருந்து பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் குழாயை மருத்துவர் தவறுதலாக வெட்டிவிடலாம். அப்படி நடந்தால் மஞ்சள் காமாலை வரும், அல்லது பித்தநீர் வயிற்றுக்குள் கசியும். அதைச் சரிசெய்யப் பெரும்பாலும் இன்னொரு பெரிய ஆபரேஷன் தேவைப்படும். பல வாரம் மருத்துவமனையில் இருக்க வேண்டி வரலாம். சிலருக்குத் தொந்தரவு பல வருடம் நீடிக்கும். இந்த ஆபரேஷன் செய்துகொள்ளும் 1000 பேரில் 3 முதல் 5 பேருக்கு இப்படி நடக்கிறது. மற்ற 995 பேருக்காவது நடப்பதில்லை.’

‘மருத்துவர் தவறுதலாக வெட்டிவிடலாம்’ என்ற சொற்களைப் பார்த்ததும் சில மருத்துவர்கள் முகம் சுளிப்பார்கள். குற்றத்தை முன்கூட்டியே ஒப்புக்கொள்வதுபோல் இருக்கிறது என்பார்கள். குழாய் தானாக வெட்டுப்படுவதில்லை. வெட்டுகிற கை மருத்துவருடையது. வீக்கத்தால் குழாயை அடையாளம் காண முடியாமல் போவதுதான் காரணம் என்ற வரியையும் சேர்த்துவிட்டால், மருத்துவருக்கும் அநியாயம் இல்லை, நோயாளிக்கும் மறைப்பு இல்லை.

‘திறந்த அறுவை சிகிச்சை’ என்பதும் அப்படித்தான். துளை வழியாகச் செய்ய முடியாமல் போனால், வலது விலாவுக்குக் கீழே நீளமாகக் கிழித்து ஆபரேஷனை முடிப்பார்கள். வலியும் தழும்பும் அதிகம், வேலைக்குத் திரும்பவும் கூடுதல் நாளாகும். ஏறத்தாழ 100 பேரில் 5 பேருக்கு இப்படி ஆகிறது. பித்தப்பை கடுமையாக வீங்கியிருந்தால் இந்த எண்ணிக்கை கூடும். இந்த முடிவை நோயாளி மயக்கத்தில் இருக்கும்போதே எடுப்பார்கள். ‘அப்போது உங்களைக் கேட்க முடியாது, அதனால் இப்போதே சொல்கிறோம்’ என்ற வரி படிவத்தில் அவசியம் வேண்டும்.

மரணத்தைப் பற்றி எழுதும்போது நம் கை இன்னும் தயங்குகிறது. ஆபரேஷனுக்குப் போகிறவரிடம் சாவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்ற எண்ணம் எழுதுபவருக்கும் உண்டு. அதனால் ‘உயிருக்கு ஆபத்து’ என்று எழுதிக் கடந்துவிடுகிறோம். தலைக்கவச விளம்பரம் முதல் மின்கம்பப் பலகை வரை பார்த்துப் பார்த்து நமக்கு மரத்துப்போன தொடர் அது. ‘இந்த ஆபரேஷனால் சிலர் இறந்துபோகிறார்கள். மற்றபடி ஆரோக்கியமாக இருந்து, திட்டமிட்டுச் செய்துகொள்பவர்களில் இது 1000 பேரில் ஒருவருக்கும் குறைவு. வயதும் வேறு நோய்களும் இருந்தால் கூடும்’ என்று எழுதினால் விஷயமும் அதன் அளவும் ஒன்றாகப் புரியும். ‘மிக அரிதாக’ என்ற சொல் அந்த அளவைச் சொல்வதில்லை. ஒருவர் அதை நூற்றில் ஒன்று என்று எடுத்துக்கொள்வார், இன்னொருவர் லட்சத்தில் ஒன்று என்பார். எண்களை எழுதும்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓரிடத்தில் ‘20-இல் ஒருவர்’, இன்னோரிடத்தில் ‘250-இல் ஒருவர்’ என்று வந்தால், பெரிய எண்ணைப் பார்த்து இரண்டாவதுதான் பெரிய ஆபத்து என்று நினைப்பவர்கள் உண்டு. எல்லாவற்றையும் 1000 பேருக்கு இத்தனை பேர் என்று ஒரே அளவில் எழுதினால் ஒப்பிடுவது எளிது.

இப்படி எழுதியதைச் சரிபார்ப்பது எப்படி? மருந்துச் சோதனைகளுக்கான படிவங்களில் வழக்கமாக ஒரு முறை உண்டு. ஒருவர் தமிழில் பெயர்ப்பார். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அந்தத் தமிழை மறுபடி ஆங்கிலமாக்குவார். இரண்டு ஆங்கிலமும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். விடுபட்ட வரியையும் தலைகீழான பொருளையும் பிடிக்க இது உதவும். ஆனால் இந்தத் தேர்வில் ‘பித்தநாளக் காயம்’ நூற்றுக்கு நூறு வாங்கிவிடும். குழாய், கசிவு, இன்னொரு ஆபரேஷன் என்று விரித்து எழுதியதற்கோ ‘மூலத்தில் இல்லாதது’ என்று சிவப்புக் கோடு விழும்.

ஆகவே இன்னொரு சோதனையும் தேவை. படிவத்தைப் படிக்கவோ படித்துக் கேட்கவோ வைத்துவிட்டு, அதை எடுத்து வைத்துவிட வேண்டும். பிறகு, ‘வீட்டுக்குப் போனதும் உங்கள் மகளிடம் இதை எப்படிச் சொல்வீர்கள்?’ என்று கேட்க வேண்டும். ‘புரிந்ததா?’ என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ‘கல்லை எடுத்துட்டு மறுநாளே அனுப்பிடுவாங்க’ என்று மட்டும் ஒருவர் சொன்னால், பித்தப்பையும் குழாயும் அவரிடம் போய்ச் சேரவில்லை என்று பொருள். நாலைந்து பேர் ஒரே இடத்தில் தடுமாறினால் திருத்த வேண்டியது அந்த வரியை.

படிவத்தை யாரிடம் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். ‘அப்பாகிட்ட எதுவும் சொல்லாதீங்க, நான் கையெழுத்துப் போடுறேன்’ என்று மகன் முன்வருவது நம் ஊரில் வழக்கம். 2008-இல் உச்ச நீதிமன்றம் இதை ஒட்டிய வழக்கு ஒன்றில் தீர்ப்பளித்தது. நோயைக் கண்டறியும் லேப்ராஸ்கோப்பிக்குச் சம்மதித்த 44 வயதுப் பெண்ணுக்கு, மயக்கத்தில் இருந்தபோது தாயின் சம்மதத்தைப் பெற்றுக் கருப்பையையும் சினைப்பைகளையும் நீக்கிவிட்டார்கள். சுயநினைவுக்குத் திரும்பியதும் தானே முடிவெடுக்கக்கூடிய ஒருவருக்காக, உயிர் காக்கும் அவசரம் இல்லாதபோது, வேறு யாரும் சம்மதம் தர முடியாது என்றது நீதிமன்றம். என்ன சிகிச்சை, எதற்காக, என்ன பலன், வேறு என்ன வழி, பெரிய ஆபத்துகள் எவை, செய்துகொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் சொல்ல வேண்டும் என்றும் வகுத்தது.

இவற்றில் ‘வேறு வழி’யும் ‘செய்துகொள்ளாவிட்டால்’ என்பதும் படிவங்களில் அடிக்கடி ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன. வலியே இல்லாமல், வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் கல் தெரிந்தவருக்குப் பொதுவாக உடனே ஆபரேஷன் தேவைப்படுவதில்லை, பொறுத்துப் பார்க்கலாம். அடிக்கடி வலி வருபவர் தள்ளிப்போட்டால், பித்தப்பை சீழ்பிடிக்கலாம், கல் இறங்கிக் கணையம் வீங்கலாம். இரண்டையும் இதே தெளிவோடு எழுதினால், ஒருவர் கையெழுத்துப் போடுவார், இன்னொருவர் ‘இப்போதைக்கு வேண்டாம்’ என்று படிவத்தைத் திருப்பிக் கொடுப்பார். இரண்டு பேரிடமும் படிவம் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது.