பிடித்தது நடிகரையா, எழுதியவரையா?

மலையாளப் படங்களை விரும்பிப் பார்க்கும் ஒருவர், பார்த்த படங்களையெல்லாம் ஓராண்டாகக் குறித்து வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘உங்களுக்குப் பிடித்த நடிகர் யார்?’ என்று கேட்டால் ‘ஃபகத் ஃபாசில்’ என்பார் சட்டென்று. குறிப்பேடும் முதல் பார்வைக்கு அதையேதான் சொல்கிறது. ‘மகேஷிண்டே பிரதிகாரம்’, ‘கும்பளங்கி நைட்ஸ்’, ‘ஜோஜி’ மூன்றுக்கும் ஐந்துக்கு 4.5 போட்டிருக்கிறார்.

ஆனால் அதே ஏட்டில் ஃபகத்தின் வேறு இரண்டு படங்கள் 2.5-ல் நிற்கின்றன. ஃபகத்தே இல்லாத ‘மாயாநதி’க்கு 4.5. அப்படியானால் பொதுவாக இருப்பது எது? இயக்குநர் இல்லை, நான்கு படங்களுக்கும் மூன்று இயக்குநர்கள். நான்கிலும் எழுத்தில் இருப்பவர் சியாம் புஷ்கரன்.

மதிப்பெண் மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்க முடியாது. துப்புக் கொடுத்தவை பக்கத்தில் எழுதிய ஒற்றை வரிகள்தாம். ‘அண்ணன் தம்பிகள் சண்டை நம்ம வீட்டுச் சண்டை மாதிரியே’ என்று ஒன்றில். ‘பேசாமல் இருக்கும்போதுதான் பயமாக இருக்கிறது’ என்று இன்னொன்றில். 2.5 வாங்கிய படத்துக்கு ‘நடிப்பு அபாரம், இரண்டாம் பாதியில் போனை எடுத்துவிட்டேன்’. ‘அருமை’, ‘சுமார்’ என்று எழுதியிருந்தால் ஆறு மாதம் கழித்து ஒன்றுமே புரியாது. மனதில் நின்ற ஒரு காட்சி, கவனம் நழுவிய இடம் என இரண்டு போதும். படத்தைத் தேர்ந்தெடுத்த காரணத்தைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். பார்த்த பிறகு எழுதினால், பிடித்த படத்துக்கு நல்ல காரணமாகத் தேடிப்பிடித்து எழுதுவோம்.

நியூசிலாந்தில் 2011-ல் தொடங்கிய லெட்டர்பாக்ஸ்ட் இதற்கு வசதியானது. அரை நட்சத்திரத்திலிருந்து ஐந்து வரை போடலாம். மறுபடி பார்த்தால் பழைய மதிப்பெண்ணை அழிக்காமல் புதிதாகப் பதியலாம். எல்லாவற்றையும் கோப்பாக இறக்கி, `Rating` நெடுவரிசைப்படி வரிசைப்படுத்தலாம். நாற்பது பக்க நோட்டும் இந்த வேலையைச் செய்யும்.

ஒரு சிக்கல் உண்டு. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் மூவிலென்ஸ் தளத்தில் நடந்த ஆய்வு ஒன்று 2003-ல் வெளியானது. திரையில் காட்டிய எண்ணைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தபோது, மக்கள் போட்ட மதிப்பெண்ணும் அந்தப் பக்கமே சாய்ந்தது. ஆகவே படம் முடிந்ததும், ஊரார் சராசரியைப் பார்க்கும் முன்பே, தன் எண்ணை எழுதிவிடுவது நல்லது.

நான்கு படங்களை வைத்து முடிவுகட்டவும் கூடாது. நம் ரசிகர் அடுத்து எடுக்க வேண்டியது ‘சால்ட் அண்ட் பெப்பர்’: 2011-ல் வந்தது, சியாம் இணைந்து எழுதியது, ஃபகத் இல்லாதது. பார்ப்பதற்கு முன்பே ‘4 கிடைக்கும்’ என்று எழுதி வைக்கிறார். 2.5-தான் வந்தால், தேட வேண்டியது எழுத்தாளரின் பெயரை அல்ல, முந்தைய நான்கிலும் இருந்து இதில் இல்லாமல் போன ஒன்றை.