அறுபது கோரிக்கை, நாலு கட்டம்

மளிகைக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் விற்கும் ஒரு சின்ன நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். கதைக்காகச் சொல்வதுதான், ஆனால் இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குப் பழக்கமான காட்சி. நூற்று எண்பது கடைகளில் அவர்களுடைய மென்பொருள் ஓடுகிறது. நிரல் எழுத இரண்டு பேர், கடைக்காரர்களோடு பேச ஒருவர். அவருடைய நோட்டில் அறுபது வரிகள் சேர்ந்துவிட்டன. ‘பில் தமிழில் வரணும்’, ‘பழைய பில் எடுக்க முடியல’, ‘தராசோட இணைக்கணும்’, ‘மாத ரிப்போர்ட்ல கலர் வேணும்’. ஒவ்வொரு வரிக்கும் பின்னால் போனில் சத்தம் போட்ட ஒரு கடைக்காரர் இருக்கிறார்.

எதை முதலில் செய்வது? பெரும்பாலான இடங்களில் கடைசியாக யார் சத்தமாகத் திட்டினாரோ அவருடைய வேலை முதலில் நடக்கும். இந்தப் பழக்கத்தை மாற்ற ஒரு வெள்ளைப் பலகையும் ஒட்டுச் சீட்டுகளும் போதும். பலகையில் கீழிருந்து மேலாகப் பலன், இடமிருந்து வலமாக உழைப்பு. நடுவில் ஒரு சிலுவைக்கோடு போட்டால் நாலு கட்டம் கிடைக்கும். இடது மேல் கட்டத்தில் விழுபவை குறைந்த உழைப்பில் நிறையப் பலன் தருபவை. அலுவலகங்களில் இவற்றைத்தான் ‘குயிக் வின்’ என்கிறார்கள். வலது மேலே பெரிய திட்டங்கள். இடது கீழே நேரம் கிடைத்தால் செய்யக்கூடிய சில்லறை வேலைகள். வலது கீழே இருப்பவற்றை ‘இப்போது இல்லை’ என்று சொல்லிவிட வேண்டும்.

படம் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். சீட்டுகளைச் சரியான இடத்தில் ஒட்டுவதுதான் சிரமம். தவறாக ஒட்டினால் பழைய குழப்பமே அழகான கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

முதலில் நோட்டைச் சலிக்க வேண்டும். ‘பழைய பில் எடுக்க முடியல’, ‘டூப்ளிகேட் பில் வேணும்’, ‘ரீபிரிண்ட் எங்க இருக்கு’ என்று பதினொரு வரிகள் இருந்தாலும் அவை கேட்பது ஒன்றைத்தான். இப்படிச் சேர்த்தால் அறுபது முப்பத்துநாலாகிறது. அதில் ஏழு வரிகள் கோரிக்கையே இல்லை, பிழை. கூட்டுத்தொகை ஒரு ரூபாய் தவறினால் அதைத் திருத்தியாக வேண்டும், பலகையில் வைத்து விவாதிக்க ஒன்றுமில்லை. இன்னும் இரண்டு சட்டம் சார்ந்தவை. 2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறியபோது, அன்று காலை கடை திறக்கையில் புது விகிதத்தில் பில் வந்தாக வேண்டும் என்பதுதான் நிலைமை. தேதி வைத்து வரும் வேலைக்குப் பலனும் உழைப்பும் பார்ப்பதில் அர்த்தமில்லை. இவற்றையெல்லாம் எடுத்துவிட்டால் பலகைக்கு மிஞ்சுவது இருபத்தைந்து சீட்டுகள்.

அடுத்து பலன். ‘இது முக்கியம்’ என்று சொல்வது அளவு ஆகாது. மூன்று கேள்விகள் கேட்டால் போதும்: எத்தனை கடைகளுக்கு, நாளைக்கு எத்தனை தடவை, ஒவ்வொரு தடவையும் என்ன நஷ்டம்? பழைய பில்லை எடுப்பதற்கு இப்போது ஐந்து திரைகளைத் தாண்ட வேண்டும், நாற்பது விநாடி ஆகிறது. அறுபது கடைகளில் தினம் ஐந்து தடவை இது நடக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு மொத்தம் இருநூறு நிமிடம். அதுவும் வரிசையில் ஆள் நிற்கும்போது போகிற நிமிடம். மாத ரிப்போர்ட்டில் கலர் கேட்பவரோ நாலு கிளை வைத்திருக்கும் பெரிய வாடிக்கையாளர். வாரத்துக்கு மூன்று முறை போன் செய்கிறார். கணக்குப் போட்டால் நாலு கடை, மாதத்துக்கு ஒரு தடவை, பத்து நிமிடம். அவர் குரல் பெரிது, பலன் சிறிது. அவர் போய்விட்டால் வருமானத்தில் பெரிய ஓட்டை விழும் என்றால் அதுவும் ஒரு நஷ்டம்தான், அதைத் தனியாக எழுதிச் சேர்க்கலாம். ஆனால் எழுத வேண்டும். எழுதாமல் மனதில் வைத்துக்கொண்டால் சீட்டு தானாக மேலே நகர்ந்துவிடும்.

உழைப்பில்தான் பெரிய சறுக்கல் நடக்கிறது. தன் வேலை எவ்வளவு நாளில் முடியும் என்று கணிக்கும்போது மனிதர்கள் குறைத்தே சொல்கிறார்கள் என்பதை டேனியல் கானெமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே எழுதி, அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள். முந்தைய வேலைகள் தாமதமானது தெரிந்தும் இந்த முறை அப்படி ஆகாது என்று நம்புவதே அந்தக் கோளாறு. நம் பலகையில் அது எப்படி வரும் என்பதற்கு ‘பில் தமிழில் வரணும்’ என்ற சீட்டு நல்ல உதாரணம்.

“ஸ்கிரீன்ல தமிழ் வருதே அண்ணா, அதையே பேப்பர்ல அடிக்கச் சொல்றாங்க. ரெண்டு நாள் வேலைதானே?” என்கிறார் கடைக்காரர்களோடு பேசுகிறவர்.

“ஸ்கிரீன் வேற, பிரிண்டர் வேறப்பா,” என்கிறார் மூத்த நிரலாளர். “அந்தப் பிரிண்டருக்குத் தமிழே தெரியாது.”

அவர் சொல்வது உண்மை. கடைகளில் இருக்கும் சின்ன தெர்மல் பிரிண்டர்களுக்குள் ஆங்கில எழுத்துருதான் இருக்கும், பெரும்பாலானவற்றில் தமிழ் கிடையாது. தமிழ் அச்சாக வேண்டுமென்றால் ஒவ்வொரு வரியையும் படமாக மாற்றி அனுப்ப வேண்டும். படம் போனால் பழைய பிரிண்டர்கள் மெதுவாகும். 58 மி.மீ. தாளில் ஆங்கிலம் ஒரு வரிக்கு 32 எழுத்து பிடிக்கும். தமிழ் எழுத்து அகலமானது, ‘துவரம் பருப்பு முதல் தரம்’ என்பது இரண்டாம் வரிக்கு இறங்கி, விலை நிரலைக் கலைத்துவிடும். இதெல்லாம் போதாதென்று மூவாயிரம் சரக்குப் பெயர்களை யாராவது தமிழில் தட்டச்சு செய்ய வேண்டும். அந்த யாரோ கடைக்காரர்தான்.

உழைப்பு என்றால் நிரல் எழுதும் நேரம் மட்டுமில்லை. விதவிதமான பிரிண்டர்களில் சோதிப்பது, நூற்று எண்பது கடைகளில் புதிய பதிப்பை ஏற்றுவது, போனில் சொல்லிக்கொடுப்பது, வாடிக்கையாளர் தன் பங்குக்குச் செய்ய வேண்டிய வேலை எல்லாமே அதில் சேரும். சில கோரிக்கைகளுக்கு மாதாமாதம் செலவும் உண்டு. வாட்ஸ்அப்பில் தானாக பில் அனுப்புவது அப்படிப்பட்டது. முறையான வழியில் செய்தால் அனுப்பும் செய்திகளுக்குக் கட்டணம் கட்ட வேண்டும். ஒரு தடவை எழுதி முடித்துவிட்டோம் என்று அதை இடது பக்கம் ஒட்டக் கூடாது.

ஆகவே பலனை ஒட்டுவது போன் எடுக்கிறவரின் வேலை, உழைப்பை ஒட்டுவது நிரல் எழுதுகிறவர்களின் வேலை. ஒருவர் மற்றவருடைய அச்சில் கை வைக்கக் கூடாது. இரண்டு நிரலாளர்களும் தங்கள் கணிப்பைத் தனித்தனியாகச் சீட்டில் எழுதி ஒரே நேரத்தில் காட்டினால் நல்லது. மென்பொருள் உலகில் ஜேம்ஸ் கிரெனிங் 2002-ல் ‘பிளானிங் போக்கர்’ என்று சொல்லிக்கொடுத்த முறை இதுதான். ஒருவர் ‘2 நாள்’, இன்னொருவர் ‘8 நாள்’ என்று காட்டினால் சராசரி போட்டு ஐந்து என்று எழுதிவிடக் கூடாது. எட்டு சொன்னவருக்குத் தெரிந்த ஏதோ ஒன்று இரண்டு சொன்னவருக்குத் தெரியவில்லை. அது என்ன என்று கேட்க வேண்டும்.

சீட்டுகளை ஒட்டும்போது இன்னொரு நுணுக்கம் உண்டு. நடுக்கோட்டை முதலில் போட்டுவிட்டால் எல்லோரும் தங்கள் சீட்டை இடது மேல் கட்டத்துக்குள் தள்ளப் பார்ப்பார்கள். கோடு இல்லாமல், ஒன்றோடொன்று ஒப்பிட்டு மட்டும் ஒட்டச் சொல்லுங்கள்: இது அதைவிடக் கஷ்டமா, சுலபமா? இருபத்தைந்தும் ஒட்டி முடித்த பிறகு, பாதிச் சீட்டுகள் ஒரு பக்கமும் பாதி மறுபக்கமும் வரும்படி கோட்டைப் போடுங்கள். அப்போதுதான் கட்டங்களுக்கு அர்த்தம் வரும். பதினெட்டு சீட்டுகள் குயிக் வின் கட்டத்தில் குவிந்திருக்கும் பலகை எதையும் பிரித்துச் சொல்லவில்லை.

நம் பலகையில் ‘பழைய பில்’ இடது மேலே உட்கார்ந்தது. பில் எண்ணைத் தட்டி ஒரே விசையில் மறு அச்சு, ஒரு நாள் எழுத, ஒரு நாள் சோதிக்க. ரிப்போர்ட் கலர் இடது கீழே. தராசு இணைப்பு வலது பக்கம் போனது, ஒவ்வொரு கம்பெனித் தராசும் எடையை ஒவ்வொரு விதமாக அனுப்புவதால். தமிழ் பில் வலது மேல் மூலையில்.

பலகையோடு நிறுத்திக்கொண்டால் தமிழ் பில் அந்த மூலையிலேயே ஆண்டுக்கணக்கில் கிடக்கும். இந்தக் கட்டத்தின் பெரிய வியாதி இதுதான். இரண்டு நாள் வேலைகள் தீரவே தீராது, வாரா வாரம் புதிதாக வந்துகொண்டே இருக்கும். முடித்துக் கோடு போடுவதில் ஒரு சுகமும் இருக்கிறது. அதனால் பெரிய வேலைக்கு நாள் வரவே வராது.

இதற்கு இரண்டு மருந்துகள். ஒன்று பங்கீடு. இரண்டு நிரலாளர்களுக்கு மாதத்தில் நாற்பது ஆள்நாள். பிழை திருத்தத்துக்குப் பத்தை ஒதுக்கிவிட்டால் மிச்சம் முப்பது. அதில் பத்து மட்டும் குயிக் வின்களுக்கு, இருபது ஒரே ஒரு பெரிய வேலைக்கு என்று முன்கூட்டியே பிரித்துவிட வேண்டும்.

இன்னொன்று, பெரிய சீட்டைக் கிழிப்பது. தமிழ் பில் கேட்ட கடைக்காரர் ஒருவரிடம் “தமிழில் எது வரணும்?” என்று திருப்பிக் கேட்டால், “கடைப் பேர் தமிழ்ல வந்தாப் போதும் சார், சரக்கெல்லாம் இங்கிலீஷ்லயே இருக்கட்டும்” என்பார். வேறு சிலரும் அதையேதான் நினைத்திருப்பார்கள். கடைப் பெயர், முகவரி, கடைசியில் ‘நன்றி, மீண்டும் வருக’. இவை மாறாத வரிகள். ஒரு படமாக்கி, பிரிண்டரின் சொந்த நினைவகத்திலேயே லோகோ போல ஒரு தடவை ஏற்றிவிட்டால் போதும், பல பிரிண்டர்களில் அந்த வசதி இருக்கிறது. பில் வேகமும் குறையாது, நிரலும் கலையாது, மூவாயிரம் பெயர் தட்டச்சும் இல்லை. மூன்று நாள் வேலை. மூலையில் கிடந்த சீட்டிலிருந்து ஒரு துண்டு கிழிந்து இடது மேல் கட்டத்துக்கு வந்துவிட்டது. மிச்சம் இன்னும் வலது பக்கமே இருக்கிறது, ஆனால் அதைக் கேட்கிறவர்கள் இப்போது எத்தனை பேர் என்று புதிதாக எண்ண வேண்டும்.

சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். முடித்த ஒவ்வொரு சீட்டின் மூலையிலும் கணித்த நாளையும் உண்மையில் ஆன நாளையும் எழுதி வையுங்கள். மூன்று மாதத்தில் ஒரு பாங்கு தெரியும். பிரிண்டரைத் தொடும் எந்த வேலையும் இந்த அலுவலகத்தில் சொன்னதைவிட இரண்டு மடங்கு ஆகிறது என்று அந்தச் சீட்டுகள் சொன்னால், அடுத்த முறை ‘பிரிண்டர்’ என்ற சொல் வரும் சீட்டை ஒட்டும்போது, யாரும் சொல்லாமலேயே மூத்தவரின் கை அதை ஒரு சாண் வலது பக்கம் தள்ளி வைக்கும்.